ஃப்ரீசருக்கும் சட்டிக்கும் நடுவே

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணி. போன வாரம் வாங்கிய ஒரு கிலோ கோழிக்கறி, கடைக்காரர் கட்டிக்கொடுத்த அதே பையோடு ஃப்ரீசரிலிருந்து சமையல் மேடைக்கு வருகிறது. எட்டு மணிக்கு அழுத்திப் பார்த்தால் மேல்பக்கம் மட்டும் இளகியிருக்கிறது. ஒன்பதரை மணிக்கு ஓரத்துத் துண்டுகளைப் பிய்த்தெடுக்க முடிகிறது, நடுவில் இன்னும் ஐஸ் இறுகிக் கிடக்கிறது. பத்து மணிக்குள் ஒருவழியாகத் துண்டுகள் எல்லாம் பிரிந்துவிடுகின்றன. வருவதாகச் சொன்னவர்கள் வரவில்லை என்று போன் வருகிறது. பாதிக் கறி குழம்புக்குப் போகிறது, மீதிப் பாதி மறுபடியும் ஃப்ரீசருக்குப் போகிறது. "இன்னும் சில்லென்றுதானே இருக்கிறது, ஒன்றும் ஆகாது" என்பது வீட்டாரின் முடிவு.

பல வீடுகளில் வழக்கமாக நடப்பதுதான் இது. ஆனால் அந்த மூன்று மணி நேரத்தில் கறிக்கு என்ன நேர்ந்தது, திரும்ப உள்ளே போன அரைக் கிலோ அடுத்த வாரம் எந்த நிலையில் வெளியே வரும் என்பதைத் தெரிந்துகொண்டால், "சில்லென்று இருக்கிறது" என்ற அளவுகோலை யாரும் நம்பமாட்டார்கள்.

இறைச்சியின் எடையில் ஏறத்தாழ முக்கால் பங்கு தண்ணீர்தான், மீனிலும் அப்படித்தான். உறைந்த கறி இளகுவது என்பது அதற்குள் இருக்கும் பனிக்கட்டி உருகுவதுதான். பனிக்கட்டியை உருக்க வெப்பம் ஏராளமாக வேண்டும். ஒரு கிலோ பனிக்கட்டியை, அதன் சூடு ஒரு டிகிரிகூட ஏறாமல், வெறும் தண்ணீராக மாற்றுவதற்குச் செலவாகும் வெப்பத்தைக் கொண்டு ஒரு கிலோ தண்ணீரை 0 டிகிரியிலிருந்து 80 டிகிரி வரை கொண்டுபோய்விடலாம். அதனால்தான் கறிக்கட்டியின் நடுப்பகுதி மணிக்கணக்கில் மைனஸ் ஒன்று, மைனஸ் இரண்டு டிகிரியிலேயே நிற்கிறது. கறியின் நீரில் உப்புகள் கரைந்திருப்பதால் அது 0 டிகிரிக்குச் சற்றுக் கீழேதான் உறைகிறது, அங்கேதான் உருகவும் செய்கிறது.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. பனிக்கட்டி வெப்பத்தை நன்றாகக் கடத்தும். அசையாமல் நிற்கும் தண்ணீர் அதில் நாலில் ஒரு பங்கு அளவுக்குத்தான் கடத்தும். கறி உறையும்போது முதலில் வெளிப்புறம் பனிக்கட்டியாகிறது, உள்ளேயிருக்கும் வெப்பம் அந்த உறைந்த ஓட்டின் வழியாக எளிதில் வெளியேறிவிடுகிறது. உருகும்போது நிலைமை தலைகீழாகிறது. முதலில் இளகுவது வெளிப்புறம். அந்த இளகிய படலமே வெளிச் சூடு உள்ளே போவதைத் தடுக்கிறது. ஆகவே உறைவதைவிட உருகுவதற்கு நேரம் கூடுதலாகப் பிடிக்கும். உள்ளே போக முடியாத சூடு வெளிப்புறத்திலேயே தேங்குகிறது. 32 டிகிரி வெக்கை நிலவும் சமையலறையில், நடுவில் ஐஸ் இருக்கும்போதே ஓரத்துத் துண்டுகள் 20, 25 டிகிரிக்குப் போய்விடும்.

கறியைக் கெடுக்கும் கிருமிகள் இருப்பதும் பெரும்பாலும் இந்த வெளிப்புறத்தில்தான். வெட்டுக்கத்தி, கட்டை, கை, தோல், குடல் எல்லாவற்றிலிருந்தும் வந்து ஒட்டுபவை வெட்டுப்பட்ட முகத்தில்தான் ஒட்டும். குழம்புக்கென்று சின்னச் சின்னதாக வெட்டிய கோழியில் ஏறக்குறைய எல்லாமே வெட்டுமுகம்தான். நடுவில் ஐஸ் இருக்கிறதே என்ற ஆறுதலுக்கு அங்கே இடமில்லை.

ஃப்ரீசர் கிருமிகளைக் கொல்வதில்லை. மைனஸ் 18 டிகிரியில் அவை பெருகாமல் நிற்கின்றன. கொஞ்சம் செத்தாலும் பெரும்பகுதி பிழைத்துக்கொள்ளும். சூடு திரும்பியதும் விட்ட இடத்திலிருந்து தொடங்கும். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட வெப்பம் அவற்றுக்கு ஏற்றது, அதிலும் நம் ஊர் அறைவெப்பம் மிகத் தோதானது. அமெரிக்க வேளாண் துறையின் உணவுப் பாதுகாப்புப் பிரிவு, பச்சைக் கறியோ சமைத்த கறியோ வெளியே 2 மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்கிறது. வெளிவெப்பம் 32 டிகிரிக்கு மேல் போனால் அந்த வரம்பு 1 மணி நேரம்தான். சென்னையிலும் மதுரையிலும் வேலூரிலும் ஆண்டில் பல மாதங்களுக்கு இந்த ஒரு மணி நேரக் கெடுதான் பொருந்தும்.

ஞாயிற்றுக்கிழமைக் கறிக்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அதன் மேற்பரப்பில் ஓரிடத்தில் ஆயிரம் கிருமிகள் இருந்ததாக வைத்துக்கொள்வோம். முதல் ஒரு மணி நேரம் பனி இளகவும் கிருமிகள் விழித்துக்கொள்ளவும் போய்விட்டது. அடுத்த 2 மணி நேரத்தில் அரை மணிக்கு ஒருமுறை அவை இரட்டிக்கின்றன என்றால் ஆயிரம் இரண்டாயிரமாகி, நாலாயிரமாகி, எட்டாயிரமாகி, பத்து மணிக்குப் பதினாறாயிரத்தில் நிற்கும். அன்றைக்கே சமைத்த பாதி கொதிக்கும் குழம்பில் வெந்துவிட்டது. ஃப்ரீசருக்குப் போன பாதியில் அந்தப் பதினாறாயிரம் அப்படியே இருக்கிறது. வெதுவெதுப்பான அரைக் கிலோ உறைவதற்கு வீட்டு ஃப்ரீசரில் பல மணி நேரம் ஆகும் என்பதால், உள்ளே போன பிறகும் சிறிது நேரம் பெருக்கம் தொடரும். அடுத்த ஞாயிறு அதே மேடையில் அதே மூன்று மணி நேரம் வைத்தால் தொடக்கம் ஆயிரமல்ல, பதினாறாயிரம். முடிவில் இரண்டரை லட்சத்தைத் தாண்டும். உண்மையான எண்ணிக்கை கறிக்குக் கறி மாறும் என்றாலும், கணக்கு நடக்கும் விதம் இதுதான். மறுபடி உறைய வைப்பதால் கணக்கு பூஜ்யத்துக்குத் திரும்புவதில்லை.

"எப்படியும் கொதிக்க வைக்கத்தானே போகிறோம்?" என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே. துண்டின் நடுப்பகுதி 74 டிகிரியை எட்டினால் கோழியில் வழக்கமாகக் காணப்படும் சால்மொனெல்லா, கேம்பிலோபேக்டர் இரண்டும் செத்துவிடும். ஆனால் எல்லாக் கிருமிகளின் தீங்கும் கிருமியோடு முடிவதில்லை. நம் தோலிலும் மூக்கிலும் இயல்பாகவே இருக்கும் ஸ்டெஃபைலோகாக்கஸ் என்ற கிருமி, வெதுவெதுப்பில் பெருகும்போது ஒரு நச்சை வெளியிடுகிறது. அது கொதிநிலையையும் தாங்கும். கிருமி செத்த பிறகும் நச்சு குழம்பில் இருக்கும், சாப்பிட்ட சில மணி நேரத்தில் வாந்தியும் வயிற்றுப்பிடிப்பும் வரும்.

மீனில் இதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. மத்தி, கானாங்கெளுத்தி, சூரை போன்ற மீன்களின் தசையில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் நிறைய உண்டு. மீன் சூடுபட்டால் சில கிருமிகள் அதை ஹிஸ்டமினாக மாற்றத் தொடங்கும். இப்படி உண்டான ஹிஸ்டமினைப் பொரித்தும் போக்க முடியாது, குழம்பில் கொதிக்க வைத்தும் போக்க முடியாது, ஃப்ரீசரில் வைத்தும் போக்க முடியாது. புளி, மிளகாய்த்தூள் எதுவும் அதைத் தொடாது. சாப்பிட்ட சில நிமிடங்களிலிருந்து ஓரிரு மணி நேரத்துக்குள் முகம் சிவந்து, தலை வலித்து, உடம்பில் தடிப்பு எழும்பும், சிலருக்கு வாய் எரியும். பலர் இதை "எனக்கு மீன் ஒத்துக்கொள்வதில்லை" என்று எடுத்துக்கொள்கிறார்கள். ஒத்துக்கொள்ளாதது மீனல்ல, அந்த மீன் வெயிலிலும் மேடையிலும் கழித்த நேரம்.

மறுஉறைவு இங்கேதான் கூடுதல் கெடுதல் செய்கிறது. ஹிஸ்டமினை உண்டாக்குவது கிருமிகள் சுரக்கும் ஒரு நொதி. கிருமி ஃப்ரீசரில் செத்தாலும், சுரந்த நொதி உறைந்து கிடந்து, மீன் இளகியதும் மீண்டும் வேலையைத் தொடரக்கூடும். இரண்டு முறை இளகிய சூரைக்கு அந்த வாய்ப்பு இரண்டு முறை கிடைக்கிறது. நாற்றத்தை வைத்தும் இதைக் கண்டுபிடிக்க முடியாது. ஹிஸ்டமின் ஏறிய மீன் மூக்குக்கு நல்ல மீனாகவே தெரியலாம்.

உடம்புக்கு வரும் ஆபத்தை ஒதுக்கிவைத்தாலும், நாக்கு சும்மா இருக்காது. இரண்டாம் முறை உறைந்த வஞ்சிரத் துண்டை மசாலா தடவித் தோசைக்கல்லில் போட்டால் முதலில் தண்ணீர் கக்கும். எண்ணெய் தெறிக்கும், மசாலா வழுக்கிக் கல்லில் ஒட்டிக்கொள்ளும், திருப்பும்போது துண்டு இதழ் இதழாகப் பிரியும். சாப்பிட்டால் வெளியே ஈரமாகவும் உள்ளே சக்கையாகவும் இருக்கும். சமைத்தவரின் கையில் குறையில்லை. துண்டுக்குள் இருந்த நீர் இனி அதற்குள் நிற்க வழியில்லாமல் போனதுதான் காரணம்.

இது ஏன் என்பதற்கு விடை, உறையும் வேகத்தில் இருக்கிறது. கறியில் உள்ள நீரின் பெரும்பகுதி மைனஸ் 1 டிகிரிக்கும் மைனஸ் 5 டிகிரிக்கும் இடையில் உறைகிறது. இந்த இடைவெளியை எவ்வளவு வேகமாகக் கடக்கிறதோ அவ்வளவு சின்னஞ்சிறு படிகங்கள் உண்டாகும். மெல்லக் கடந்தால் படிகங்கள் குறைவாகத் தோன்றிப் பெரிதாக வளரும். அமெரிக்கரான கிளாரன்ஸ் பேர்ட்ஸ்ஐ 1910-களில் கனடாவின் லாப்ரடார் பகுதியில் இருந்தபோது, அங்கே வாழும் இனூயிட் மக்கள் பிடித்த மீன் கடுங்குளிர்க் காற்றில் மளமளவென்று உறைந்துபோவதையும், மாதங்கள் கழித்து உருக்கிச் சமைத்தாலும் புதுமீனைப் போலவே இருப்பதையும் கவனித்தார். ஊர் திரும்பி, பொட்டலங்களை மிகக் குளிர்ந்த உலோகத் தகடுகளுக்கு இடையே அழுத்தி விரைவாக உறைய வைக்கும் இயந்திரத்தை உருவாக்கினார். 1930-இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரக் கடைகளில் அவருடைய உறைந்த உணவுகள் விற்பனைக்கு வந்தன. இன்றைய உறைந்த மீன் தொழில் முழுதும் அந்த ஒரே கருத்தின் மேல்தான் நிற்கிறது: வேகம்.

வீட்டு ஃப்ரீசருக்கு அந்த வேகம் கிடையாது. ஒரு கிலோ கட்டி அதில் முழுதாக உறையப் பல மணி நேரம் ஆகும். அந்த நேரத்தில் தசைநார்களுக்கு இடையே பனிப்படிகங்கள் பெரிதாக வளர்ந்து, நார்களுக்குள் இருக்கும் நீரையும் உறிஞ்சி வெளியே இழுத்துக்கொள்ளும். செல்லின் சவ்வுகள் கிழியும், நீரைப் பிடித்துவைக்கும் புரதங்கள் உருக்குலையும். உருகும்போது வெளியே வந்த நீர் முழுதும் திரும்ப உள்ளே போகாது. தட்டில் இளஞ்சிவப்பாகத் தேங்குவது அதுதான். பலர் நினைப்பதுபோல் அது இரத்தம் அல்ல. கறியின் சாறும் அதில் கரைந்த புரதமும் நிறமியும்தான். சுவையும் சத்தும் அதோடு போகின்றன, கிருமிகளுக்கு அது நல்ல தீனியாகவும் ஆகிறது.

முதல் முறையிலேயே இத்தனை சேதம் என்றால், இரண்டாம் முறை அது இன்னும் எளிது. முன்பே கிழிந்த சவ்வுகளுக்கு வெளியே நீர் தயாராகத் தேங்கி நிற்கிறது, அது உறைந்தால் முன்னைவிடப் பெரிய படிகங்கள் ஆகும். மீனின் நார்கள் குட்டையானவை, அவற்றைக் கட்டிவைக்கும் இணைப்புத் திசு மெலிது. அதனால் மீன் முதலில் தோற்கும். இறால் ரப்பராகும், ஈரல் கூழாகும். ஆட்டுக்கறியின் நார்கள் உறுதியானவை என்பதால் அது ஓரளவு தாங்கும். மத்தி போன்ற எண்ணெய் மீன்களில் கிழிந்த திசுக்களின் கொழுப்பு காற்றுபட்டுக் கெட்டு, பழைய எண்ணெய் வாடை அடிக்கும்.

இதற்கிடையே தேவையில்லாத பயம் ஒன்றையும் போக்கிவிடலாம். உறைய வைத்த இளங்கோழியைச் சமைத்தால் எலும்பை ஒட்டிய சதை சில நேரம் கருத்திருக்கும். உறையும்போதும் உருகும்போதும் எலும்பு மஜ்ஜையின் நிறமி கசிந்து சதையில் ஊறுவதால் வரும் கருப்பு அது. கெட்டுப்போனதன் அடையாளம் அல்ல. நாள்பட்ட பொட்டலத்தில் காணும் வெண்மையான வறண்ட திட்டுகளும் அப்படித்தான். நீர் ஆவியாகிப் போன இடம் அது, வெட்டி எறிந்துவிட்டு மீதியைச் சமைக்கலாம்.

இனி, வீட்டுக்கு வருமுன்பே ஒருமுறை உறைந்து உருகிய மீன் எது? சந்தையில் "ஐஸ் மீன்" என்று பொதுவாகச் சொல்வதில் இரண்டு வகை கலந்திருக்கிறது. படகிலும் கூடையிலும் உடைத்த ஐஸுக்கு நடுவே வைத்த மீன் 0 டிகிரியை ஒட்டி இருக்கும், ஆனால் உறைந்திருக்காது. அதை வாங்கி ஃப்ரீசரில் வைத்தால் அதுதான் முதல் உறைவு. குளிர்பதனக் கிடங்கில் கட்டியாக உறைய வைத்து, கடையில் இளக வைத்து விற்கும் மீன் வேறு. அதை வீட்டில் மறுபடி உறைய வைத்தால் இரண்டாம் உறைவு ஆகிவிடும். தமிழகத்தின் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. அந்த நாட்களில் வெளியூர் மீனும் கிடங்கு மீனும் கடைகளில் கூடுதலாக இருக்கும். கண் வெளுத்துக் குழிந்திருப்பது, விரலால் அழுத்திய குழி மேலெழும்பாமல் நிற்பது, அழுத்தினால் நீர் கசிவது ஆகியவை உருகிய மீனின் குறிகள். ஆனால் பழைய மீனும் இப்படி இருக்கலாம் என்பதால் குறியை மட்டும் நம்ப முடியாது. "இது ஐஸில் வைத்ததா, ஃப்ரீசரில் உறைய வைத்ததா?" என்று நேராகக் கேட்டுவிடுவதே நல்லது. பதில் இரண்டாவதாக இருந்தால் அன்றைய சமையலுக்கு வேண்டிய அளவு மட்டும் வாங்கலாம்.

சூப்பர் மார்க்கெட் பொட்டலத்தைப் பொறுத்தவரை பார்வையே போதும். தனித்தனியாக உறைந்து உதிரியாக இருக்க வேண்டிய இறால் ஒரே கட்டியாக ஒட்டியிருக்கிறதா, பைக்குள் வெண்பனித் துகள் நிறையச் சேர்ந்திருக்கிறதா, அடியில் சிவந்த சாறு உறைந்து தட்டையாக நிற்கிறதா என்று பாருங்கள். இவற்றில் ஒன்று இருந்தாலும், வழியிலோ கடையிலோ அது ஒருமுறை இளகியிருக்க வாய்ப்பு அதிகம். அதை வாங்க வேண்டாம்.

சரி, எப்படித்தான் இளக வைப்பது? சிறந்த இடம் ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டு. அங்கே 4, 5 டிகிரிக்கு மேல் கறியின் எந்தப் பகுதியும் சூடேறாது, வெளிப்புறத்துக்கும் நடுவுக்கும் இடைவெளி விழாது. ஒரு கிலோ கட்டிக்கு ஏறக்குறைய ஒரு நாள் வேண்டும். தட்டையான அரைக் கிலோ பொட்டலம் இரவு வைத்தால் காலைக்குத் தயார். விளிம்புள்ள பாத்திரத்தில் வைத்து அடித்தட்டில்தான் வைக்க வேண்டும். மேல்தட்டில் வைத்தால் சாறு வடிந்து தேங்காய்த் துருவலிலோ சட்னியிலோ விழும், அவற்றை யாரும் மறுபடி வேகவைப்பதில்லை. இளகிய கோழியையும் மீனையும் ஓரிரு நாளுக்குள் சமைத்துவிட வேண்டும். நாள் முழுக்கத் திறந்து மூடும் ஃப்ரிட்ஜ் என்றால் ஒரே நாள் என்று வைத்துக்கொள்வது நல்லது.

காற்றில்லாமல் இறுக்கி அடைத்த மீன் பொட்டலத்துக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. ஃப்ரிட்ஜில் இளக வைக்குமுன் பையைக் கத்தரித்துத் திறந்துவிட வேண்டும். காற்றில்லாத இடத்தில் வளரும் போட்டுலினம் கிருமியின் ஒரு வகை ஃப்ரிட்ஜ் குளிரிலேயே பெருகி நச்சை உண்டாக்க வல்லது. பையில் காற்றுபட்டால் அதற்கு வழியில்லை.

அவசரமென்றால் குளிர்ந்த தண்ணீர். கறியை நீர் புகாத பையில் கட்டி, முழுதாக முங்கும்படி வைத்து, அரை மணிக்கு ஒருமுறை தண்ணீரை மாற்ற வேண்டும். அரைக் கிலோ ஒரு மணி நேரத்துக்குள் இளகிவிடும். தண்ணீர் காற்றைவிடப் பலமடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்துவதால் இது நடக்கிறது. ஆனால் இந்த முறை, குழாயைத் திறந்தால் சில்லென்று தண்ணீர் வரும் நாடுகளில் எழுதப்பட்டது. மொட்டைமாடித் தொட்டியிலிருந்து வரும் நம் தண்ணீர் மே மாதத்தில் வெந்நீர். ஆகவே பாத்திரத்தில் ஒரு தட்டு ஐஸ் கட்டிகளைப் போட்டுக்கொள்ளுங்கள், தண்ணீர் கைக்குக் குளிராக இருக்கிறதா என்று அவ்வப்போது பாருங்கள். பையில்லாமல் நேரடியாகத் தண்ணீரில் போட்டால் கறி நீர் குடித்துச் சுவை இழக்கும், அந்தத் தண்ணீர் தெறித்த இடமெல்லாம் கிருமி பரவும். தண்ணீரில் மஞ்சளும் உப்பும் போடுவது வாடையைக் குறைக்கலாம், வெளிச் சூட்டில் கிருமி பெருகுவதைத் தடுக்க அந்த அளவு போதாது. தண்ணீரிலோ மைக்ரோவேவிலோ இளக வைத்த கறியை உடனே அடுப்பில் ஏற்றிவிட வேண்டும். மைக்ரோவேவில் ஓரங்கள் வேகத் தொடங்கும்போது நடுவில் ஐஸ் இருக்கும் என்பதால் அதைக் கொஞ்சமும் காத்திருக்க வைக்கக் கூடாது.

பலர் மறந்துவிடும் நான்காவது வழி, இளக வைக்காமலே சமைப்பது. உதிரி இறாலையும் மெல்லிய மீன் துண்டுகளையும் கொதிக்கும் குழம்பில் நேராகப் போடலாம். நேரம் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு ஆகும், அவ்வளவுதான். முழுக் கோழித்தொடையை உறைந்தபடி எண்ணெயில் போடுவது மட்டும் கூடாது. வெளியே கருகும்போதும் எலும்போரம் பச்சையாகவே இருக்கும். உறைந்த கட்டியை அப்படியே குக்கரில் போட்டால் சுற்றியுள்ள தண்ணீர் கொதித்து விசில் வந்துவிடும், கட்டியின் நடுவுக்கு அது தெரியாது. அங்கே விசில் கணக்கை நம்பக் கூடாது.

மறுபடி உறைய வைக்கவே கூடாதா? இங்கே அதிகாரபூர்வ அறிவுரைகளே இரண்டாகப் பிரிகின்றன. ஃப்ரிட்ஜுக்குள்ளேயே இளகி, வெளியே வராத கறியைச் சமைக்காமல் திரும்ப உறைய வைக்கலாம், தரம்தான் குறையும், ஆபத்து இல்லை என்கிறது அமெரிக்க வேளாண் துறை. பிரிட்டனின் உணவுத் தர முகமையோ, இளகிய பச்சைக் கறியை உறைய வைக்காதீர்கள், சமைத்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள் என்கிறது. நம் வீடுகளுக்குப் பிரிட்டன் சொல்வதே பொருந்தும். எந்நேரமும் திறந்து மூடும், கோடையில் குளிர் குறையும் ஃப்ரிட்ஜில் கறி உண்மையிலேயே 5 டிகிரிக்குக் கீழே இருந்ததா என்று சொல்ல யாரிடமும் அளவுமானி இல்லை. மீந்த பாதியைக் குழம்பாகவோ வறுவலாகவோ சமைத்து, 2 மணி நேரத்துக்குள் ஆறவைத்து ஃப்ரீசரில் வைத்தால் அது புதிதாகத் தொடங்கும் கணக்கு. அடுத்த முறை கொதிக்கச் சூடாக்கிச் சாப்பிடலாம். மேடையில் மணிக்கணக்கில் இளகிய கறியைப் பொறுத்தவரை இரு நாட்டு அறிவுரையும் ஒன்றுதான்: அது ஃப்ரீசருக்குத் திரும்பக் கூடாது.

கரண்ட் இல்லாமல் போனால் தானாகவே இளகும் கறி தனிச் சிக்கல். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் வேளச்சேரி, பள்ளிக்கரணை பகுதிகள் நாள்கணக்கில் மின்சாரமின்றிக் கிடந்தன. இதுபோன்ற நேரத்தில் கதவைத் திறக்காமல் இருப்பதே முதல் காப்பு. நிறைந்த தனி ஃப்ரீசர் 48 மணி நேரமும், பாதி நிறைந்தது 24 மணி நேரமும் குளிரைக் காக்கும். ஃப்ரிட்ஜ் பகுதி 4 மணி நேரம்தான் தாங்கும். ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜின் சின்ன ஃப்ரீசர் அறைக்கு இவ்வளவு பொறுமை இருக்காது. மின்சாரம் வந்ததும் பாருங்கள். கறிக்குள் ஐஸ் படிகம் முழுதும் உருகாமல் இருந்து, தொட்டால் ஃப்ரிட்ஜ் குளிர் இருந்தால் காப்பாற்றலாம், அன்றே சமைத்துவிடுவது மேல். முழுதும் இளகி வெதுவெதுப்பானது குப்பைக்குத்தான்.

ஊரில் இல்லாதபோது கரண்ட் போய்த் திரும்ப வந்திருந்தால்? எல்லாம் மறுபடி உறைந்து, எதுவும் நடக்காததுபோல் இருக்கும். அதற்கு ஒரு எளிய வழி உண்டு. ஒரு கிண்ணத்தில் தண்ணீரை உறைய வைத்து, அதன்மேல் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்துவிட்டுப் போங்கள். திரும்பி வரும்போது நாணயம் மேலேயே இருந்தால் கவலையில்லை. அடியில் கிடந்தால் தண்ணீர் முழுக்க உருகி மறுபடி உறைந்திருக்கிறது, கறியும் அப்படியே. நடுவில் சிக்கியிருந்தால் பாதி உருகியது என்று பொருள், மீனையும் கோழியையும் வைத்துக்கொள்ள வேண்டாம்.

இத்தனை தொல்லைக்கும் மூலம் அந்த ஒரு கிலோ கட்டிதான். ஒரே வேளையில் தீராத அளவை ஒன்றாக உறைய வைப்பதால்தான் பாதியைத் திரும்ப உள்ளே தள்ள நேர்கிறது. கட்டியாக இருப்பதால்தான் அது உறையவும் நேரமாகிறது, உருகவும் நேரமாகிறது. பொட்டலத்தின் கனத்தைப் பாதியாக்கினால் உறையும் நேரமும் உருகும் நேரமும் பாதிக்கும் கீழே இறங்கும். படிகங்கள் சிறிதாகும், சாறு கறிக்குள் நிற்கும், ஃப்ரிட்ஜில் ஓர் இரவே போதுமாகும்.

கறியோ மீனோ வாங்கி வந்த அன்றே, வீட்டில் ஒரு வேளைக்கு ஆகும் அளவாகப் பிரித்துவிடுங்கள். ஒவ்வொன்றையும் பையில் போட்டுக் காற்றைத் தள்ளி, ஓர் அங்குலக் கனத்துக்குத் தட்டையாக்கி, மீன் துண்டுகளாக இருந்தால் ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பி, மேலே தேதி எழுதுங்கள். முதல் நாள் ஒன்றன்மேல் ஒன்று அடுக்காமல் ஃப்ரீசரின் அடித்தகட்டில் படும்படி வையுங்கள், இறுகிய பிறகு அடுக்கிக்கொள்ளலாம். சமைக்கும் நாளுக்கு முந்தின இரவு, எத்தனை பேர் சாப்பிடுவார்கள் என்று பார்த்து, அத்தனை பொட்டலத்தை மட்டும் ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றுங்கள்.